ரவுட்டர் மாற்றுவதற்கு முன்: அந்த இரண்டு வரி விவரம்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது. வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் பேசியபடியே இங்கே தரப்படுகிறது.)

வரவு செலவு அறிக்கை வாசித்து முடிந்துவிட்டது, டீ இன்னும் வரவில்லை. நடுவில் இருக்கிற நேரத்தைச் செயலாளர் எனக்குக் கொடுத்திருக்கிறார். நான் பேங்கில் கிளார்க்காக இருந்து ரிடையர் ஆனவன், படித்தது பி.காம். கம்ப்யூட்டர் இன்ஜினியர்கள் நம் மூன்று பிளாக்கிலும் நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஆனால் இண்டர்நெட் புகார் நோட்டு என் கையில் இருக்கிறது. யார் வீட்டில் எப்போது லைன் போனது, எப்படித் திரும்ப வந்தது என்று எழுதி வைத்துக்கொண்டே வருவதால், சில விஷயங்கள் எனக்கும் பிடிபட்டிருக்கின்றன.

அந்த நோட்டில் ஒரு வகைப் புகார் மட்டும் தனியாகத் தெரிகிறது. கேபிள் அறுந்தால் அரை நாளில் சரியாகிறது. கம்பெனி பக்கம் பழுதென்றால் பக்கத்து வீட்டுக்கும் சேர்ந்து போகிறது, சேர்ந்து வருகிறது. ஆனால் "புது ரவுட்டர் மாட்டினோம், அதிலிருந்து நெட் இல்லை" என்று எழுதியிருக்கும் வீடுகளில்தான் மூன்று நாள், நான்கு நாள் இழுக்கிறது. லைனில் குறை எதுவும் இருக்காது. புது ரவுட்டரிலும் குறை இருக்காது. கம்பெனிக்குப் போன் செய்தால் "உங்கள் லைன் க்ளியராக இருக்கிறது சார்" என்பார்கள். அதுவும் உண்மையாகவே இருக்கும். ஆனாலும் நெட் வராது.

காரணம் ஒரு யூசர் நேம், ஒரு பாஸ்வேர்டு. ரவுட்டரின் செட்டிங்கில் PPPoE என்று ஒரு சொல் இருக்கும். பி.பி.பி.ஓ.இ. என்று எழுத்தெழுத்தாகத்தான் சொல்ல வேண்டும். அதற்குக் கீழே இந்த இரண்டும் போட்டிருக்கும்.

வயதானவர்களுக்கு ஒரு ஞாபகம் இருக்கும். 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நம் நாட்டில் பொதுமக்களுக்கு இண்டர்நெட் கொடுக்க ஆரம்பித்தது. அப்போது டெலிபோன் லைனில் மோடம் வைத்து, டயல் செய்து, கீச்சுக்கீச்சென்று சத்தம் கேட்ட பிறகு யூசர் நேமும் பாஸ்வேர்டும் போட்டால்தான் உள்ளே போக முடியும். யார் எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்று கணக்கு வைக்க அது தேவைப்பட்டது. பிறகு பிராட்பேண்ட் வந்தது, டயல் செய்வது போய்விட்டது. ஆனால் கம்பெனிக்குக் கணக்கு வைக்கும் தேவை போகவில்லை. அதனால் அதே பழைய முறையைப் புது லைனுக்குள் பொதிந்து அனுப்ப 1999-ல் ஒரு வழி எழுதினார்கள். அதுதான் இந்த பி.பி.பி.ஓ.இ. நாம் முன்பு கையால் செய்த டயலை இப்போது ரவுட்டர் நமக்காக ஒவ்வொரு முறையும் செய்கிறது. ஆன் ஆனவுடன் சத்தமில்லாமல் யூசர் நேம், பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டு உள்ளே போகிறது. நமக்கு அது கண்ணில் படுவதே இல்லை. கண்ணில் படாததால் யாரும் எழுதி வைப்பதில்லை. கனெக்‌ஷன் கொடுத்த அன்று டெக்னீஷியன் தன் போனைப் பார்த்து டைப் செய்துவிட்டுப் போய்விடுகிறார். அந்த விவரம் அந்த ரவுட்டருக்குள் மட்டும் இருக்கிறது. ரவுட்டர் போனால் விவரமும் அதோடு போய்விடும்.

எல்லாக் கம்பெனியும் இந்த முறையில் கொடுப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சில கம்பெனிகள் பாஸ்வேர்டே கேட்பதில்லை. பெட்டியின் சீரியல் நம்பரைப் பார்த்தே உள்ளே விட்டுவிடுகின்றன. உங்கள் வீட்டில் எந்த முறை என்று பழைய ரவுட்டரைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். எப்படித் திறப்பது என்று பிறகு வருகிறேன்.

பி பிளாக்கில் இரண்டாம் மாடியில் ஒரு வீடு. அவர்கள் அனுமதியோடுதான் சொல்கிறேன். அந்த வீட்டு மருமகள் வீட்டிலிருந்தே மெடிக்கல் கோடிங் வேலை செய்கிறார். ஒரு நாளைக்கு இத்தனை பைல் முடித்தால்தான் அன்றைய கணக்கு நேராகும், இல்லாவிட்டால் லீவு. உள் அறையில் வைஃபை சரியாக எட்டவில்லை என்று சனிக்கிழமை சாயங்காலம் புது ரவுட்டர் வாங்கி வந்து மாட்டினார்கள். பழையதைக் கொழுந்தனார் வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். அங்கே போனவுடன் அவர் பின்பக்கத்துச் சின்ன ஓட்டையில் ஊசியால் பத்து வினாடி அழுத்தி எல்லாவற்றையும் அழித்துவிட்டார். அதைத்தான் ரீசெட் என்பது. ஆஃப் செய்து ஆன் செய்வது ரீஸ்டார்ட். அதில் ஒன்றும் அழியாது. ரீசெட் செய்தால் கடையிலிருந்து வந்த நாளுக்குத் திரும்பிவிடும், பி.பி.பி.ஓ.இ. விவரம் உட்பட.

இங்கே புது ரவுட்டரில் வைஃபை வந்தது. போனில் முழுக் கோடும் காட்டியது. ஆனால் "இண்டர்நெட் இல்லை" என்று எழுத்து வந்தது. இதில்தான் பலர் குழம்புகிறார்கள். வைஃபை என்பது உங்கள் போனுக்கும் உங்கள் ரவுட்டருக்கும் இடையில் நடப்பது. அது நன்றாக இருந்தால் வீட்டுக்குள் சரி என்று மட்டும் அர்த்தம். ரவுட்டருக்கும் கம்பெனிக்கும் இடையில் நடப்பது வேறு.

புது ரவுட்டர் யூசர் நேம், பாஸ்வேர்டு கேட்டது. வைஃபை பாஸ்வேர்டைப் போட்டார்கள். பிறகு கம்பெனி ஆப்பில் பில் கட்டப் போடும் பாஸ்வேர்டைப் போட்டார்கள். பிறகு ரவுட்டரின் அடியில் ஸ்டிக்கரில் இருந்ததைப் போட்டார்கள். இவை மூன்றும் மூன்று வேறு பூட்டுகளின் சாவிகள். வைஃபை பாஸ்வேர்டு உங்கள் போனை ரவுட்டருக்குள் விடுவது. ஸ்டிக்கரில் இருப்பது ரவுட்டரின் செட்டிங் பக்கத்துக்குள் உங்களை விடுவது. ஆப் பாஸ்வேர்டு உங்கள் பில் கணக்குக்குள் விடுவது. ரவுட்டரைக் கம்பெனியின் லைனுக்குள் விடுவது நான்காவது ஒன்று. அது பி.பி.பி.ஓ.இ. பாஸ்வேர்டு. அந்த வீட்டில் யாரும் அதை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை கஸ்டமர் கேரில் "லைன் ஓகே" என்றார்கள். திங்கட்கிழமை மருமகள் லீவு போட்டார். மதியம் என்னைக் கூப்பிட்டார்கள்.

நான் முதலில் பார்த்தது ரவுட்டரை அல்ல, அதற்கு முன்னால் இருக்கும் வெள்ளைப் பெட்டியை. கண்ணாடி இழை வந்து சேரும் பெட்டி. ஓ.என்.டி. என்பார்கள். அதில் PON என்ற விளக்கு பச்சையில் அசையாமல் எரிந்தது. LOS என்ற விளக்கு அணைந்திருந்தது. இப்படி இருந்தால் வெளியிலிருந்து வெளிச்சம் சரியாக வந்து சேர்கிறது, பெட்டியைக் கம்பெனி அடையாளம் கண்டுகொண்டிருக்கிறது என்று பொருள். LOS சிவப்பில் மின்னினால் கேபிள் பிரச்சினை. பாஸ்வேர்டைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், லைன்மேனைத்தான் கூப்பிட வேண்டும். PON விளக்கு நிற்காமல் மின்னிக்கொண்டே இருந்தால் அந்தப் பெட்டி கம்பெனியில் பதிவாகவில்லை. கம்பெனி கொடுத்த பெட்டியையே மாற்றியவர்களுக்கு இது வரும். அதையும் கம்பெனிதான் செய்ய வேண்டும்.

பெட்டி சரி. அடுத்து ரவுட்டரின் செட்டிங் பக்கம். ரவுட்டரோடு வைஃபையில் சேர்ந்த போனிலோ கம்ப்யூட்டரிலோ பிரவுசரைத் திறந்து 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்று போட்டால் வரும். எந்த எண் என்று அடியில் ஸ்டிக்கரில் இருக்கும். நெட் இல்லாவிட்டாலும் இது வேலை செய்யும், ஏனென்றால் இது வீட்டுக்குள்ளேயே நடப்பது. போனில் பார்ப்பவர்கள் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

அங்கே WAN என்ற பகுதியில் IP என்ற இடத்தில் 0.0.0.0 என்று இருந்தது. கம்பெனி இந்த வீட்டுக்கு இன்னும் முகவரி கொடுக்கவில்லை என்று அதற்கு அர்த்தம். ஏன் கொடுக்கவில்லை? அதைத் தெரிந்துகொள்ள System Log என்று ஒரு பக்கம் இருக்கும். எங்கள் பேங்கில் டே புக் இருந்த மாதிரி, நடந்ததையெல்லாம் ரவுட்டர் வரிசையாக எழுதி வைக்கும் இடம். கம்பெனிக்குக் கம்பெனி வார்த்தை கொஞ்சம் மாறும். ஆனால் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றின் சாயலில் ஒரு வரி இருக்கும்:

```
Timeout waiting for PADO packets
CHAP authentication failed
```

நான் இன்று பேச வந்ததில் பாதி இந்த இரண்டு வரிக்குள் இருக்கிறது. பி.பி.பி.ஓ.இ. இரண்டு கட்டமாக நடக்கிறது. முதலில் ரவுட்டர் லைனில் "யாராவது இருக்கிறீர்களா?" என்று கூப்பிடுகிறது. கம்பெனியின் கருவி "இருக்கிறேன்" என்று பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலுக்குத்தான் PADO என்று பெயர். பதில் வந்த பிறகு இரண்டாம் கட்டம்: யூசர் நேம், பாஸ்வேர்டைக் கொடுப்பது. கம்பெனி தன் பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்து உள்ளே விடும், அல்லது மறுக்கும்.

பேங்க் பாஷையில் சொன்னால், முதல் வரி கவுண்ட்டரில் ஆளே இல்லை என்பது. இரண்டாம் வரி, ஆள் இருக்கிறார், செக்கை வாங்கிப் பார்த்தார், கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திருப்பிக் கொடுத்தார் என்பது. முதலாவதற்கு நீங்கள் எத்தனை பாஸ்வேர்டு மாற்றினாலும் பிரயோஜனமில்லை. பாஸ்வேர்டை அங்கே இன்னும் யாரும் வாங்கிப் பார்க்கவே இல்லை. இரண்டாவதற்கு நீங்கள் எத்தனை கேபிள் மாற்றினாலும் பிரயோஜனமில்லை. CHAP என்ற இடத்தில் சில ரவுட்டரில் PAP என்று இருக்கும். இரண்டும் பாஸ்வேர்டு சரிபார்க்கும் முறைகள். நமக்கு வேண்டியது failed என்ற சொல்தான்.

அந்த வீட்டில் இரண்டாம் வரி இருந்தது. எனக்கு நிம்மதியாகிவிட்டது. கம்பெனி வரைக்கும் போய்ப் பதில் வருகிறது. விவரம்தான் தவறு.

யூசர் நேம் இடத்தில் பில்லில் இருந்த கஸ்டமர் நம்பரைப் போட்டிருந்தார்கள். மாமியாரின் போனில் பழைய எஸ்.எம்.எஸ்.களை இரண்டு வருடம் பின்னால் போய்த் தேடினோம். கனெக்‌ஷன் கொடுத்த அன்று வந்த எஸ்.எம்.எஸ். இருந்தது. அதில் யூசர் நேம் பாதி நம்பராகவும், அதற்குப் பின்னால் ஒரு @ குறியும், கம்பெனி பெயரும் சேர்ந்ததாக இருந்தது. பார்க்க இப்படி இருக்கும்:

```
b204home@example.in
```

இது ஈமெயில் முகவரி மாதிரி இருக்கிறதே தவிர ஈமெயில் அல்ல. @ குறிக்குப் பின்னால் இருப்பது, எந்தப் பதிவேட்டில் இந்த ஆளைத் தேட வேண்டும் என்று கம்பெனியின் சர்வருக்குச் சொல்வது. அதை விட்டுவிட்டு முன்பாதியை மட்டும் போட்டால், பாஸ்வேர்டு சரியாக இருந்தாலும் மறுத்துவிடும்.

பாஸ்வேர்டு எஸ்.எம்.எஸ்.ஸில் இல்லை. கஸ்டமர் கேருக்கு மறுபடி போன். இந்த முறை "நெட் வரவில்லை" என்று சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அவர்கள் லைனை டெஸ்ட் செய்வார்கள், லைன் நன்றாக இருக்கும், புகாரை முடித்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை நடந்தது அதுதான். மருமகளைச் சொல்லச் சொன்னது இதை: "ரவுட்டர் மாற்றியிருக்கிறோம். பி.பி.பி.ஓ.இ. ஆதென்டிகேஷன் ஃபெயில் ஆகிறது. பி.பி.பி.ஓ.இ. பாஸ்வேர்டை ரீசெட் செய்து, பதிவான மொபைலுக்கு அனுப்புங்கள்." பேசிய பெண் உடனே புரிந்துகொண்டார். அரை மணியில் எஸ்.எம்.எஸ். வந்தது.

போட்டோம். மறுபடியும் அதே failed. இங்கே நிறையப் பேர் கம்பெனியைத் திட்ட ஆரம்பிப்பார்கள். பாஸ்வேர்டுப் பெட்டிக்கு ஓரத்தில் கண் மாதிரி ஒரு குறி இருக்கும். அதைத் தட்டினால் புள்ளிகள் எழுத்தாகத் தெரியும். தட்டிப் பார்த்தால் முதல் எழுத்து பெரிய எழுத்தாக இருந்தது. போனின் கீபோர்டு தானாகவே அப்படிச் செய்துவிட்டது. எஸ்.எம்.எஸ்.ஸிலிருந்து காப்பி செய்து ஒட்டுபவர்களுக்கு இதைவிட மோசமான ஒன்று உண்டு: கடைசி எழுத்துக்குப் பின்னால் ஒரு வெற்றிடமும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாது, சர்வருக்குத் தெரியும். கர்சரைக் கடைசியில் வைத்து ஒருமுறை அழித்துப் பார்த்தால் எழுத்து அழிகிறதா, ஒன்றுமே மாறவில்லையா என்று தெரிந்துவிடும்.

எழுத்தைத் திருத்தினோம். மறுபடியும் failed.

இப்போது யூசர் நேம் சரி, பாஸ்வேர்டு சரி. பிறகு என்ன? பல கம்பெனிகள் முதலில் வந்து சேர்ந்த ரவுட்டரின் மேக் அட்ரஸைப் பதிவு செய்து பூட்டி வைத்துவிடுகின்றன. ஒவ்வொரு ரவுட்டருக்கும் தொழிற்சாலையில் கொடுக்கும் பன்னிரண்டு எழுத்து எண் அது, அடியில் ஸ்டிக்கரில் MAC என்று போட்டிருக்கும். உங்கள் பாஸ்வேர்டை வேறு வீட்டில் யாரும் போட்டுப் பயன்படுத்தக்கூடாது என்பதற்காகச் செய்வது. நல்ல காரியம்தான். ஆனால் புது ரவுட்டரின் எண் வேறாக இருப்பதால், சரியான பாஸ்வேர்டையும் தவறான பாஸ்வேர்டைப் போலவே மறுத்துவிடும். ரவுட்டரில் வருவதோ அதே ஒரு வரி. எதனால் மறுத்தது என்று அது பிரித்துச் சொல்லாது.

கம்பெனியிடம் "மேக் பைண்டிங்கை எடுத்துவிடுங்கள்" என்று கேட்டோம். அது வேறு பிரிவு, நாளைக்குத்தான் ஆகும் என்றார்கள். மறுநாள் வரை லீவு போட முடியாது. புது ரவுட்டரின் WAN பகுதியில் MAC Clone என்று ஒரு இடம் இருந்தது. பெரும்பாலான ரவுட்டரில் இருக்கும். கொழுந்தனாரை பழைய ரவுட்டரின் அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னோம். அந்த எண்ணைப் புது ரவுட்டரில் போட்டோம். ஸ்டிக்கரில் இருக்கும் எண்ணுக்கும் வெளிப்பக்கம் ரவுட்டர் காட்டும் எண்ணுக்கும் சில மாடல்களில் கடைசி எழுத்து ஒன்று கூடக் குறைய இருக்கும். எங்களுக்கும் முதலில் மறுத்தது, கடைசி எழுத்தை ஒன்று கூட்டிப் போட்டவுடன் 0.0.0.0 இருந்த இடத்தில் 100 என்று ஆரம்பிக்கும் ஒரு எண் வந்து உட்கார்ந்தது. சாயங்காலம் ஆறே முக்கால். மருமகள் லேப்டாப்பைத் திறந்துகொண்டு உள்ளே போய்விட்டார். எனக்குக் காபி மாமியார்தான் கொடுத்தார்.

கம்பெனி பூட்டை எடுத்துவிட்ட பிறகு MAC Clone-ஐ அணைத்துவிட வேண்டும். பழைய ரவுட்டர் கொழுந்தனார் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு பெட்டி ஒரே எண்ணைச் சொல்லிக்கொண்டு திரிவது எதற்கு.

இந்த வீட்டில் வராத, ஆனால் நோட்டில் இருக்கிற இன்னொரு காரணமும் உண்டு. கம்பெனி ஒரு யூசர் நேமுக்கு ஒரு நேரத்தில் ஒரு இணைப்புதான் விடும். பழைய ரவுட்டரை ஓடிக்கொண்டிருக்கும்போதே கேபிளைப் பிடுங்கிப் புதியதில் செருகினால், பழையது இன்னும் உள்ளே இருப்பதாகக் கம்பெனி சில நிமிடங்கள் நினைத்துக்கொண்டிருக்கும். புதியதை அதுவரை விடாது. அதனால் மாற்றும்போது முதலில் பழையதை முறையாக ஆஃப் செய்யுங்கள். கால் மணி நேரம் விட்டுப் புதியதைப் போடுங்கள். அவசரப்பட்டுப் பத்து முறை மாற்றி மாற்றிப் போடாதீர்கள். தவறான பாஸ்வேர்டைப் போட்டுவிட்டு ரவுட்டரை ஓடவிட்டால், அது ராத்திரி முழுக்க விடாமல் அதையே கொடுத்துக்கொண்டிருக்கும். சில கம்பெனிகளின் சர்வர் அப்படிப் பலமுறை வந்தால் கொஞ்ச நேரம் பூட்டியே வைத்துவிடும். சரியான விவரம் கைக்கு வரும் வரை ரவுட்டரை அணைத்து வைப்பது நல்லது. பில் பாக்கியாக இருந்தாலும் சில இடங்களில் இதே failed வரும். அதையும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த இன்னொரு வரிக்கு வருகிறேன், PADO வரவில்லை என்பது. வெள்ளைப் பெட்டியில் விளக்கு சரியாக இருந்தும் இது வந்தால், நோட்டின்படி பெரும்பாலும் மூன்றில் ஒன்று. முதலாவது அற்பமானது: பெட்டியிலிருந்து வரும் கேபிளை ரவுட்டரின் WAN ஓட்டையில் செருகாமல் LAN ஓட்டையில் செருகியிருப்பார்கள். நிறம் வேறாக இருக்கும், பாருங்கள்.

இரண்டாவது VLAN ID. கம்பெனி ஒரே இழையில் இண்டர்நெட், டெலிபோன், டி.வி. என்று பல ஓட்டங்களை அனுப்பும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுத்திருக்கும். ரவுட்டர் அந்த எண்ணோடு கூப்பிட்டால்தான் பதில் வரும். பழைய ரவுட்டரில் டெக்னீஷியன் அதைப் போட்டிருப்பார், புதியதில் அந்த இடம் காலியாக இருக்கும். எண் என்ன என்பது ஊருக்கு ஊர், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டுப் போடுவதென்றால் அவரும் அதே கம்பெனிதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எல்லா வீட்டுக்கும் இது தேவைப்படாது; சில இடங்களில் வெள்ளைப் பெட்டியே சேர்த்துவிடும்.

மூன்றாவதுதான் பலரைச் சுற்றவிடுவது. உங்கள் வீட்டில் டயல் செய்யும் வேலையை வெள்ளைப் பெட்டியே செய்துகொண்டிருக்கலாம். யூசர் நேம், பாஸ்வேர்டு அதற்குள் பத்திரமாக இருக்கும். அப்படியென்றால் புது ரவுட்டரில் பி.பி.பி.ஓ.இ. போடவே கூடாது. போட்டால் அது கூப்பிடும், பதில் சொல்ல ஆள் இருக்காது. கண்டுபிடிப்பது சுலபம். புது ரவுட்டரைக் கழற்றிவிட்டு, வெள்ளைப் பெட்டியிலிருந்து கேபிளை நேராக லேப்டாப்பில் செருகுங்கள். எந்த விவரமும் கேட்காமல் நெட் வந்தால் பெட்டிதான் டயல் செய்கிறது. ரவுட்டரில் PPPoE என்பதற்குப் பதிலாக Dynamic IP என்று தேர்ந்தெடுத்தால் போதும், வேலை முடிந்தது. சி பிளாக்கில் ஒரு வீட்டில் இதற்காக நான்கு நாள் பாஸ்வேர்டு தேடியிருக்கிறார்கள்.

இத்தனையும் மாற்றிய பிறகு படும் பாடு. மாற்றுவதற்கு முன்னால் பத்து நிமிடம் செலவு செய்தால் இதில் முக்கால்வாசி வராது. பழைய ரவுட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் செட்டிங் பக்கத்தைத் திறந்து WAN பகுதியைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். என்ன முறை, யூசர் நேம் முழுதாக, VLAN ID இருக்கிறதா, MAC என்ன, எல்லாம் அந்தப் படத்தில் வந்துவிடும். ரவுட்டரின் அடிப்பக்கத்து ஸ்டிக்கரையும் ஒரு படம். பாஸ்வேர்டு மட்டும் புள்ளிப் புள்ளியாகத் தெரியும். கண் குறி இருந்தால் தட்டிப் பார்க்கலாம், பல ரவுட்டரில் அது இருக்காது. Backup என்று ஒரு இடத்தில் மொத்த செட்டிங்கையும் ஒரு பைலாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதை அதே மாடல் ரவுட்டரில்தான் திரும்ப ஏற்ற முடியும். வேறு கம்பெனி ரவுட்டர் வாங்கினால் உதவாது. அதனால் பாஸ்வேர்டுக்குச் சுருக்கு வழி, மாற்றும் நாளுக்கு முந்தின நாளே கம்பெனியைக் கூப்பிட்டுப் புதிதாக வாங்கி வைத்துக்கொள்வது. அதே போனில் மேக் பூட்டு இருக்கிறதா, எடுத்துவிட முடியுமா என்றும் கேட்டுவிடுங்கள். புகார் எண் வாங்க மறக்காதீர்கள். டிராய் விதிப்படி அந்த எண்ணைக் கொடுக்க வேண்டியது அவர்கள் கடமை. தீர்வு சரியில்லை என்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அலுவலரிடம் போவதற்கும் அந்த எண்தான் வேண்டும்.

எந்த எண்ணுக்குக் கூப்பிடுகிறீர்கள் என்பதைப் பற்றி ஒரு பழைய பேங்க் ஆள் சொல்லாமல் போக முடியாது. கூகுளில் "கஸ்டமர் கேர் நம்பர்" என்று தேடி, முதலில் வருவதற்குக் கூப்பிடாதீர்கள். திருடர்கள் அங்கேதான் எண் போட்டு வைக்கிறார்கள். பில்லில் அச்சாகியிருக்கும் எண்ணுக்கு, அல்லது கம்பெனி ஆப்பிலிருந்து கூப்பிடுங்கள். பி.பி.பி.ஓ.இ. பாஸ்வேர்டு மாற்ற உங்கள் பேங்க் விவரமோ, போனில் வேறு ஏதாவது ஆப் ஏற்றுவதோ, பத்து ரூபாய் அனுப்புவதோ தேவையே இல்லை. கேட்டால் போனை வைத்துவிடுங்கள். அதேபோல் நம் வாட்ஸ்அப் குரூப்பில் "என் யூசர் நேம் இது, பாஸ்வேர்டு இது, ஏன் வரவில்லை?" என்று போடாதீர்கள். போன மாதம் ஒருவர் போட்டார். நான்தான் அழிக்கச் சொன்னேன். அந்த லைனில் யார் என்ன செய்தாலும் கேள்வி உங்கள் பெயருக்குத்தான் வரும்.

டீ வந்துவிட்டது போலிருக்கிறது. ஏ பிளாக் அம்மா ஏதோ கேட்கக் கையைத் தூக்கினீர்கள், சொல்லுங்கள் அம்மா.

கரண்ட் போனால் அந்தப் பாஸ்வேர்டும் போய்விடுமா என்று கேட்கிறார்கள். போகாது. ரவுட்டருக்குள் கரண்ட் இல்லாவிட்டாலும் அழியாத ஒரு இடத்தில்தான் அது எழுதப்பட்டிருக்கிறது. ஒரு மாதம் பூட்டி வைத்துவிட்டு அமெரிக்கா போய் வந்தாலும் அப்படியே இருக்கும். கரண்ட் வந்த பிறகு இரண்டு மூன்று நிமிடம் ரவுட்டர் மறுபடி டயல் செய்துகொண்டிருக்கும், அந்த நேரத்தில் சிவப்பு விளக்கு எரியும். அதைப் பார்த்துவிட்டுப் பேரன் ஊசியை எடுத்துக்கொண்டு பின்பக்கத்து ஓட்டைக்குப் போகாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.